பத்து வயதுப் பையனுக்கு ஏன் 'எஸ்' இல்லை?

கேள்வி: "என் மகன் ஆறாம் வகுப்பு. கட்டுரையில் 'எ டென் இயர்ஸ் ஓல்ட் பாய்' என்று எழுதியதில் டீச்சர் அந்த 'எஸ்'-ஐ அடித்துவிட்டு மார்க்கையும் குறைத்திருக்கிறார். பத்து என்றால் பன்மைதானே? எஸ் ஏன் வரக்கூடாது? எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. காரிமங்கலம்."

டீச்சர் அடித்தது சரி. ஆனால் இதை மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்பினால் பையன் அடுத்த வாரம் 'தி பாய் இஸ் டென் இயர் ஓல்ட்' என்று எழுதிக்கொண்டு வருவான், அதிலும் மார்க் போகும், ஏனென்றால் அங்கே எஸ் கட்டாயம் வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒன்பதாவது, பத்தாவதுக்கு ஆங்கிலம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு தவறைத் திருத்தப் போய் இன்னொன்றைக் கையில் கொடுத்து அனுப்புவது இந்த ஒரு விஷயத்தில்தான் அதிகம். நானே முதல் சில வருஷம் அப்படித்தான் செய்தேன். "எஸ் போடாதே" என்று சொன்னேன், பிள்ளைகள் எங்கேயுமே போடவில்லை.

பார்க்க வேண்டியது பத்து என்ற எண்ணை அல்ல, அந்தச் சொல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை. 'தி பாய் இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்' என்ற வாக்கியத்தில் பையன் முன்னாலேயே வந்துவிட்டான், வயது பின்னால் தனியாக நிற்கிறது. அங்கே நாம் உண்மையிலேயே வருஷங்களை எண்ணுகிறோம், எத்தனை வருஷம் என்று கேட்டால் பத்து வருஷங்கள் என்பதுதான் பதில், அதனால் எஸ். 'எ டென்-இயர்-ஓல்ட் பாய்' என்பதில் யாரும் எதையும் எண்ணவில்லை. எப்படிப்பட்ட பையன்? உயரமான பையன், குறும்புக்காரப் பையன், பத்து வயதுப் பையன். மூன்று ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து ஒரே பெயரடையாக இறுகிப்போய் பையனுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆங்கிலத்தில் பெயரடைக்குப் பன்மை கிடையாது. 'டால் பாய்ஸ்' என்றுதான் சொல்கிறோம், 'டால்ஸ் பாய்ஸ்' என்று யாரும் சொல்வதில்லை. பத்துப் பையன்கள் வந்தாலும் எஸ் 'பாய்' மேல்தான் ஏறும், 'டென்-இயர்-ஓல்ட் பாய்ஸ்'.

உங்கள் பையனைக் குழப்பியது எது என்று எனக்கு ஓரளவு தெரியும். அந்தத் தொடரின் தொடக்கத்தில் ஒரு 'எ' இருக்கிறது, ஒருமை. உடனே 'டென்' வருகிறது, பன்மை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் எண்ணுக்கு அடுத்த சொல்லில் எஸ் போட்டுவிடுகிறான். அந்த 'எ' பத்துக்கு உரியது அல்ல, கடைசியில் நிற்கும் பையனுக்கு உரியது. நான் வகுப்பில் செய்தது இதுதான்: நடுவில் உள்ள மூன்று சொல்லையும் கட்டைவிரலால் மறைக்கச் சொல்வேன். 'எ பாய்' என்று மிஞ்சினால் மறைத்தது ஒரு கட்டி, அதற்குள் எஸ் நுழையாது. 'தி பாய் இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்' என்பதில் அதே மூன்றையும் மறைத்தால் 'தி பாய் இஸ்' என்று அந்தரத்தில் நிற்கும். அப்படி நின்றால் எஸ் உண்டு. இலக்கணப் பெயர் எதுவும் தெரியாத பிள்ளைகூட இதைச் செய்துவிடும்.

ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், இதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. முன்பக்கத்தில் ரிசர்வ் வங்கி ஆளுநர் ஆங்கிலத்தில் தரும் உறுதிமொழியில் 'ஒன் ஹண்ட்ரட் ருபீஸ்' என்று எஸ்ஸோடு இருக்கும். அங்கே தொகை தனியாக நிற்கிறது, எண்ணித் தரப்போகிறார்கள். ஆனால் அந்தக் காகிதத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? 'எ ஹண்ட்ரட்-ருபீ நோட்'. எஸ் இல்லை. இப்போது பின்பக்கம் திருப்பினால் பல மொழிகள் வரிசையாக இருக்கும் கட்டத்தில் தமிழில் 'நூறு ரூபாய்' என்று இருக்கும். 'ரூபாய்கள்' என்று இல்லை. யாருக்கும் அது உறுத்துவதும் இல்லை.

இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. 'தமிழில் யோசிப்பதால் ஆங்கிலம் தப்பாகிறது' என்பது ஆசிரியர்கள் வாயில் வழக்கமாக வரும் பேச்சு, இந்த விஷயத்தில் அது தலைகீழ். தமிழில் நாம் 'பத்து வயதுப் பையன்' என்கிறோம், 'வயதுகள்' இல்லை. மூன்று நாள் திருவிழா, ஆறடி ஆள், இரண்டு படி ராகி, ஐந்து கிலோ பை. அஃறிணைப் பெயர்களில் 'கள்' போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி என்பது நம் இலக்கணம். பால்பகா அஃறிணைப் பெயர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள், மாடு வந்தது, மாடு வந்தன. அதோடு ஒரு பெயர் இன்னொரு பெயருக்கு அடையாக முன்னால் வரும்போது 'கள்' பெரும்பாலும் உதிர்ந்தே விடுகிறது. மாந்தோப்பில் ஒரு மரம் மட்டும் இருப்பதில்லை, ஆனாலும் அது மாமரங்கள் தோப்பு ஆவதில்லை. ஆங்கிலத்திலும் 'மேங்கோ குரோவ்' தான், 'மேங்கோஸ் குரோவ்' இல்லை. பல் முப்பத்திரண்டையும் தேய்த்தாலும் அது 'டூத் பிரஷ்' தான். ஆக 'டென் இயர்ஸ் ஓல்ட் பாய்' என்று எழுத வைப்பது தமிழ்க் காது அல்ல. 'ஒன்றுக்கு மேல் போனால் எஸ் போடு' என்று மூன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்த அரைகுறை ஆங்கில விதிதான். பையன் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் இந்த மார்க் போயிருக்காது.

ஆனால் தமிழ்க் காது பாதி தூரம்தான் கூட வரும். 'பையனுக்குப் பத்து வயது' என்று தமிழில் பின்னால் நிற்கும்போதும் வயது ஒருமையாகவே இருக்கிறது, ஆங்கிலத்தில் அந்த இடத்தில் எஸ் வேண்டும். அங்கே நான் முதலில் சொன்ன கட்டைவிரல்தான் உதவும்.

ஒரு உண்மையான பலகையை வைத்துப் பார்க்கலாம். சந்தூர்ப் பக்கம் மாங்கன்று நர்சரிகள் நிறைய, வெளி மாநில வண்டிகளும் வரும் என்பதால் ஆங்கிலத்திலும் பலகை வைத்திருப்பார்கள். ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம், நல்ல மனிதர், எனக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார்) 'டூ இயர்ஸ் ஓல்ட் கிராஃப்ட் பிளான்ட், த்ரீ ஃபீட் ஹைட், ஃபைவ் கிலோஸ் பேக்' என்று எழுதியிருந்தார். அதாவது இரண்டு வருஷ ஒட்டுக்கன்று, மூன்றடி உயரம், ஐந்து கிலோ பை. பெயிண்டரை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார், சரியா சார் என்று. முதல் தொடரில் கன்றுதான் கடைசியில் நிற்கிறது, இரண்டு வருஷம் அதற்கு அடை, அதனால் 'டூ-இயர்-ஓல்ட் கிராஃப்ட் பிளான்ட்'. பல கன்றுகளை விற்பதால் 'பிளான்ட்ஸ்' என்று எஸ் கடைசியில் வரட்டும். மூன்றாவதில் பைதான் பொருள், ஐந்து கிலோ அதற்கு அடை, 'ஃபைவ்-கிலோ பேக்'. ஆனால் நடுவில் இருப்பது வேறு மாதிரி. 'ஹைட்: த்ரீ ஃபீட்' என்று முன்னும் பின்னும் மாற்றிவிட்டால் மூன்றடி தனியாக நிற்கிறது, அப்போது 'ஃபீட்' தான் சரி. கன்றோடு சேர்த்து எழுதுவதானால் 'த்ரீ-ஃபுட் பிளான்ட்ஸ்'. ஒரே பலகையில் ஒரு இடத்தில் 'ஃபீட்' வேண்டும், இன்னொரு இடத்தில் கூடாது என்றதும் பெயிண்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கே.ஆர்.பி. அணையை எடுத்தாலும் இதே கதைதான். முழு நீர்மட்டம் 52 அடி என்பது நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் ஆங்கிலப் பேப்பருக்குச் செய்தி எழுதினால் 'நீர்மட்டம் 52 ஃபீட்டைத் தொட்டது', ஆனால் '52-ஃபுட் மார்க்கைத் தொட்டது'. மார்க் என்ற சொல் பின்னால் வந்து உட்கார்ந்ததும் ஃபீட் ஃபுட் ஆகிவிடுகிறது. தண்ணீர் ஒரு அங்குலம்கூட மாறவில்லை.

இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரு பழைய காரணம் சொல்வார்கள். அதில் ஒரு பகுதி உறுதியானது, இன்னொரு பகுதி ஊகம், இரண்டையும் கலக்காமல் சொல்கிறேன். உறுதியானது: ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் எல்லாச் சொல்லுக்கும் எஸ் பன்மை இருக்கவில்லை. 'இயர்' என்ற சொல் ஒன்றானாலும் பலவானாலும் எழுவாயாக வரும்போது ஒரே வடிவம்தான், நம் 'மாடு' மாதிரி. எண்ணுக்குப் பின்னால் அளவுச் சொல் வரும்போது பல நேரம் அதை ஆறாம் வேற்றுமைப் பன்மையில் வைத்தார்கள், 'அடிகளில் பத்து' என்று சொல்வது போல. அந்த வேற்றுமைக்குக் கடைசியில் ஒரு 'அ' ஒலி உருபாக இருந்தது. 'ஃபுட்' என்ற சொல் வழக்கமான பன்மையில் உயிரொலி மாறி 'ஃபீட்' ஆனாலும் இந்த வேற்றுமையில் மாறாமல் இருந்தது. நூற்றாண்டுகள் போகப் போக அந்தக் கடைசி ஒலி தேய்ந்து உதிர்ந்துவிட்டது. உருபு போனதும் மிஞ்சியது பார்வைக்கு ஒருமை போலவே இருக்கும் 'ஃபுட்'. 'டென்-ஃபுட் போல்' என்று இன்றைக்கும் சொல்வது அந்த மிச்சம்தான். 'ஃபோர்ட்நைட்' என்று இரண்டு வாரத்துக்கு ஒரு சொல் இருக்கிறதே, பதினான்கு இரவு என்பதுதான் அது. அதிலும் 'நைட்ஸ்' இல்லை. இங்கிலாந்தின் சில வட்டார வழக்குகளில் இன்றும் 'டென் இயர்', 'ஃபைவ் மைல்' என்று எஸ் இல்லாமலேயே பேசுகிறார்கள், 'ஹி இஸ் சிக்ஸ் ஃபுட் டால்' என்பதைப் படித்தவர்களே சொல்வார்கள்.

ஊகம் எது என்றால், இன்றைய விதி முழுவதும் அந்தப் பழைய வேற்றுமையிலிருந்துதான் வந்தது என்பது. எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. ரூபாயும் கிலோவும் லிட்டரும் பழைய ஆங்கிலத்தில் இல்லவே இல்லை, ஆனாலும் 'டூ-லிட்டர் பாட்டில்' என்று எஸ் இல்லாமல்தான் வருகிறது. அடையாக முன்னால் வரும் பெயர் ஒருமையில் நிற்கும் என்ற பொதுப் பழக்கமும், பழைய வடிவத்தின் மிச்சமும் ஒரே திசையில் இழுத்ததால் விதி இவ்வளவு உறுதியாக நிலைத்திருக்கலாம். பையனுக்கு இதெல்லாம் வேண்டாம், உங்களுக்காகச் சொன்னேன்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அடுத்து கட்டாயம் கேட்பீர்கள். உலக வரலாற்றில் 1337-இலிருந்து 1453 வரை இங்கிலாந்தும் பிரான்ஸும் நடத்திய சண்டைக்கு 'ஹண்ட்ரட் இயர்ஸ் வார்' என்று பெயர். வார் என்ற பெயர் பின்னால் நிற்கிறது, 'இயர்ஸ்' முன்னால் எஸ்ஸோடு நிற்கிறது. விதி உடைந்ததா? இல்லை, அந்த எஸ் வேறு எஸ். கவனித்துப் பார்த்தால் எஸ்ஸுக்குப் பின்னால் ஒரு அப்பாஸ்ட்ரஃபி இருக்கும், சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். அது உடைமை, 'நூறு ஆண்டுகளின் போர்'. இதைப் புரிந்துகொள்ள நூறு வருஷப் போருக்கெல்லாம் போக வேண்டாம், பையன் எழுதும் லீவு லெட்டரே போதும். 'கிராண்ட் மி டூ டேஸ் லீவ்' என்று எழுதுகிறானே, அதில் 'டேஸ்' என்பதன் எஸ்ஸுக்குப் பின்னால் அப்பாஸ்ட்ரஃபி போட வேண்டும், அப்போது அது இரண்டு நாட்களின் விடுப்பு. முன்னால் 'எ' போட்டால் கதை மாறிவிடும், 'எ டூ-டே லீவ்'. 'எ' இருந்தால் எஸ் இல்லை, நடுவில் சிறு கோடு உண்டு. 'எ' இல்லாமல் எஸ் இருந்தால் அப்பாஸ்ட்ரஃபி உண்டு. இரண்டையும் கலந்து 'எ டூ டேஸ் லீவ்' என்று எழுதுவதுதான் தவறு, நான் கையெழுத்துப் போட்ட லீவு லெட்டர்களில் முக்கால்வாசி அப்படித்தான் இருந்தன. ஒரு லெட்டரையும் திருப்பி அனுப்பியதில்லை, காய்ச்சலோடு நிற்கும் பிள்ளையிடம் போய் அப்பாஸ்ட்ரஃபி கேட்பதா.

'ஓல்ட்' என்று முடியும் தொடரில் இந்த உடைமை வழி கிடையாது. அதனால் 'இயர்ஸ்'-க்குப் பின்னால் அப்பாஸ்ட்ரஃபி போட்டு உங்கள் பையனின் தொடரைக் காப்பாற்ற முடியாது.

உண்மையான விதிவிலக்கும் உண்டு. அரசியல் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்கிறோமே, அது 'டூ-தேர்ட்ஸ் மெஜாரிட்டி'. எஸ் உள்ளேயே இருக்கிறது, அதை எடுத்தால்தான் தவறு. பின்னத்தில் இரண்டு பங்கையும் சேர்த்து ஒரே எண்ணாகப் பார்க்கிறார்கள் என்று விளக்கம் சொல்லலாம், ஆனால் அது நடந்த பிறகு சொல்லும் விளக்கம். பிரிட்டனின் காசிலும் 'டென்-பென்ஸ் காயின்' என்று பன்மை வடிவமே நிற்கிறது. அளவு அல்லாத பெயர்களில் 'ஸ்போர்ட்ஸ் டே', 'சேவிங்ஸ் அக்கவுண்ட்' என்று கொஞ்சம் இருக்கின்றன. வருஷம், மாதம், நாள், அடி, கிலோ, ரூபாய் இவற்றைப் பொறுத்தவரை பள்ளித் தேர்வில் பயமில்லாமல் ஒருமையே போடலாம்.

இந்தத் தொடரில் சின்னக் கோடு இரண்டையும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒருவர் 'டூ இயர் ஓல்ட் காவ்ஸ்' என்று ஆங்கிலத்தில் ரசீது எழுதுகிறார் என்று வையுங்கள், 'காவ்ஸ்' என்றால் கன்றுகள். மூன்று சொல்லையும் கோட்டால் இணைத்தால் இரண்டு வயதுக் கன்றுகள், எத்தனை என்று தெரியாது. 'இயர்-ஓல்ட்' இரண்டை மட்டும் இணைத்து 'டூ'-வைத் தனியாக விட்டால் ஒரு வயதுக் கன்றுகள், எண்ணிக்கை இரண்டு. விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று மாடு வாங்கியவருக்குத் தெரியும். கோடே போடாவிட்டால் இரண்டு பேரும் அவரவர் விருப்பப்படி படித்துக்கொள்வார்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் கால் தடுக்கும். பையனையே விட்டுவிட்டு 'பத்து வயதுக்காரர்கள்' என்று சொல்ல வேண்டுமானால் 'டென்-இயர்-ஓல்ட்ஸ்', அப்போது எஸ் 'ஓல்ட்' மேல் ஏறும், 'இயர்' அப்போதும் அசையாது. எட்டு, பதினொன்று, பதினெட்டு வயது என்றால் முன்னால் 'எ' அல்ல, 'அன்' வரும், 'அன் எய்ட்-இயர்-ஓல்ட் பாய்'. அந்த 'எ' பையனுக்கு உரியது என்று மேலே சொன்னேன். ஆனாலும் அதன் வடிவத்தை முடிவு செய்வது அடுத்து வரும் சொல்லின் ஒலிதான், எய்ட் உயிரொலியில் தொடங்குகிறது.

பையனிடம் ஒரே ஒரு பயிற்சி கொடுங்கள். தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9. பிரியும்போது தர்மபுரிக்கு 38 வயது முடிந்திருந்தது. இதை இரண்டு விதமாக ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள், ஒன்று மாவட்டம் முன்னால் வரும்படி, இன்னொன்று மாவட்டம் கடைசியில் வரும்படி. முதலாவதில் 'இயர்ஸ்', இரண்டாவதில் 'இயர்' என்று தானாகவே எழுதிவிட்டான் என்றால் விஷயம் பிடிபட்டுவிட்டது. எழுதியதும் அந்தப் பழைய கட்டுரை நோட்டை எடுத்து, டீச்சர் எஸ்ஸை அடித்த இடத்தில் கோடு இரண்டும் போட்டிருக்கிறாரா என்றும் ஒருமுறை பாருங்கள். போடவில்லை என்றால் பையனே பென்சிலால் போட்டுக்கொள்ளட்டும், டீச்சரிடம் போய்ச் சொல்ல வேண்டாம்.